ஏற்காடு ட்ரிப்: 13 ரூபாய் டாக்ஸி, 14 ரூபாய் டாக்ஸி... எது மலிவு?

கோவையிலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் ஏற்காடு. இரண்டு டிராவல்ஸில் விலை கேட்கிறீர்கள். முதல் ஆள் கிலோமீட்டருக்கு 13 ரூபாய் என்கிறார், இரண்டாமவர் 14 என்கிறார். நம் கை தானாக 13 பக்கம் போகும். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது: ஒரு நாளைக்கு மினிமம் எத்தனை கிலோமீட்டர்? டிரைவர் பேட்டா எவ்வளவு?

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு நாளொன்றுக்கு மினிமம் 300 கி.மீ., பேட்டா 400 ரூபாய். இரண்டாமவருக்கு மினிமம் 250, பேட்டா 500.

கோவையிலிருந்து சேலம் வழியாக ஏற்காடு சுமார் 195 கி.மீ. போக வர 390. மேலே ஏரி, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று சுற்றினால் இன்னொரு 60. ஆக, வண்டி ஓடுவது 450 கி.மீ.தான். ஆனால், பில் அதற்கு வராது. முதலாமவர் மூன்று நாளுக்கு 900 கி.மீ. போடுவார். 11,700 ரூபாய், பேட்டா 1,200, மொத்தம் 12,900. இரண்டாமவர் 750 கி.மீ. போடுவார். 10,500, பேட்டா 1,500, மொத்தம் 12,000. ரேட்டும் பேட்டாவும் அதிகம் சொன்னவரிடம்தான் 900 ரூபாய் மிச்சம்!

காரணம், ஏற்காட்டில் நடுநாள் முழுக்க வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருக்கும். நிற்கும் வண்டிக்கும் மினிமம் ஓடும். இதே இருவரில், மொத்த ஓட்டம் சுமார் 815 கி.மீ.யைத் தாண்டினால்தான் 13 ரூபாய்க்காரர் மலிவு. சென்னையிலிருந்து கிளம்பி, வழியில் இன்னும் சில ஊர்களையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு அது சரிப்படலாம்.

அடுத்தது, 'நாள்' என்றால் என்ன? பல இடங்களில் நள்ளிரவு 12 மணிக்கு நாள் மாறிவிடும். "வியாழன் ராத்திரி 10 மணிக்கே கிளம்பிடலாம்" என்று வீட்டில் யாராவது சொன்னால், அந்த இரண்டு மணி நேரம் தனி நாளாகிவிடும். இரண்டாமவர் கணக்கில் அதற்கு 4,000 ரூபாய் கூடுதல். வெள்ளி அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் இந்தச் செலவே இல்லை. 24 மணி நேரத்தை ஒரு நாளாக வைப்பவர்களும் உண்டு. அதனால் முன்பே கேட்டு வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள்.

டோல் (வைகுந்தம், விஜயமங்கலம் எல்லாம் வழியில் வரும்), பார்க்கிங், மலைப்பாதைக்கான கூடுதல் கட்டணம் பெரும்பாலும் தனி. மீட்டர் உங்கள் வாசலிலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா என்பதையும் கேளுங்கள். வண்டி ஏறியதும் ஓடோமீட்டரை ஒரு போட்டோ, இறங்கும்போது ஒரு போட்டோ.

மேலே வண்டியே தேவையில்லை, ரிசார்ட்டிலேயே இருக்கப்போகிறோம் என்பவர்கள், போகும்போது ஒரு டிராப், வரும்போது ஒரு டிராப் என்று விலை கேட்டுப் பார்க்கலாம். நிறுத்திவைக்கும் நாளுக்கான மினிமம் அதில் வராது. ஆனால், ஞாயிறு மாலை மலையிலிருந்து இறங்கும் வண்டியை மட்டும் முன்பே உறுதி செய்துவிடுங்கள்.

வண்டியை மூன்று நாளும் வைத்துக்கொள்வதானால் ஒன்று: பேட்டா டிரைவரின் சாப்பாட்டுக்கு. இரவு அவர் எங்கே தங்குவார் என்று ரூம் புக் பண்ணும்போதே ஹோட்டலில் கேட்டுவிடுங்கள். குளிரில் காருக்குள் சரியாகத் தூங்காதவர்தான் மறுநாள் 20 கொண்டை ஊசி வளைவுகளில் உங்களை இறக்கப் போகிறார்.