கடைக் கண்ணாடிக்குள் திரை: எத்தனை 'நிட்' வாங்குவது?

வணிகப் பெருமக்கள் பலர் பருப்பு விலை, எண்ணெய் விலையைத் தட்டியில் எழுதுவதை விட்டுவிட்டு, வாசல் கண்ணாடிக்குப் பின்னால் மின்திரை மாட்டத் தொடங்கியிருக்கிறார்கள். மாலையில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பகல் பத்து மணிக்கு வீதியில் நின்று பார்த்தாலோ, பல கடைகளில் விலை தெரிவதில்லை. எதிர்வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. காரணம், திரையை அங்குலக் கணக்கில் வாங்கியிருப்பார்கள். கேட்க வேண்டிய கணக்கு 'நிட்'.

நிட் என்பது திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு. வீட்டு டி.வி. பெரும்பாலும் 250 முதல் 400 நிட் வரை இருக்கும். வெயில் படும் கண்ணாடிக்கென்றே செய்யப்படும் திரைகள் 2,500 நிட் அளவில் தொடங்குகின்றன. விலையிலும் அதற்கேற்ற வித்தியாசம் உண்டு. ஆகவே நமக்கு எது தேவை என்று அறியாமல் பணத்தைப் போடக் கூடாது.

பழைய தட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. வெயில் ஏற ஏற, வெள்ளைத் தட்டியும் கூடவே பளிச்சென்று ஆகும். அது வெயிலை வாங்கித் திருப்பித் தருகிறது. மின்திரையோ தன் சொந்த வெளிச்சத்தால் வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

மேற்குப் பார்த்த ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். எதிரே வெள்ளையடித்த சுவர். காலை வெயில் நேராக அதன்மேல் விழும்போது அந்தச் சுவரின் ஒளிர்வு சுமார் 18,000 நிட் ஆகிவிடும். நமது கடைக் கண்ணாடி நூற்றில் எட்டுப் பங்கு வெளிச்சத்தை வீதிக்கே திருப்பி அனுப்பும். அதாவது, திரைக்கு முன்னால் ஏறக்குறைய 1,400 நிட்டில் சுவரின் பிம்பம் நிற்கிறது. 400 நிட் டி.வி.யின் வெளிச்சம் கண்ணாடியைக் கடந்து வெளியே வரும்போது 350 தான் மிஞ்சும். திரையின் வெள்ளைப் பகுதி 1,750. கறுப்பு எழுத்தோ பிம்பத்தால் 1,400. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இவ்வளவுதான் வித்தியாசம் என்றால் விலையை யார் படிப்பது? அதே இடத்தில் 2,500 நிட் திரை இருந்தால், வெள்ளை சுமார் 3,600, கறுப்பு 1,400. இரண்டரை மடங்கு வித்தியாசம் வந்துவிடுகிறது. பெரிய எழுத்தாக இருந்தால் நடந்துபோகிறவரும் படிப்பார். இடையில் 700 நிட் திரையைக் காட்டி, "டி.வி.யைவிட இரட்டிப்பு வெளிச்சம்" என்பார்கள். இந்தக் கடைக்கு அது வீண் செலவு.

நமது கண்ணாடியின் நிலையை அறியக் கருவி எதுவும் வேண்டாம். திரை மாட்டப்போகும் இடத்தில், கண்ணாடிக்கு உள்ளே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் வீதியிலிருந்து பாருங்கள். துணி கறுப்பாகவே தெரிந்தால் குறைந்த நிட் போதும். எதிர்ப்பக்கம் முழுவதும் அதில் தெளிவாகத் தெரிந்தால் 2,500க்குக் கீழே வாங்காதீர்கள். இரண்டடி நகர்த்தினால் எதிரே உள்ள மரத்தின் நிழல் அந்த இடத்தில் விழுகிறதா என்றும் பார்க்கலாம். பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். கண்ணாடியே இல்லாத திறந்த கடையில், பந்தலுக்குள் தள்ளி மாட்டும் திரைக்கு 700 முதல் 1,000 நிட் பெரும்பாலும் போதும்.

கண்ணாடியில் வெயில் தடுக்கும் கறுப்பு பிலிம் ஒட்டியிருந்தால் கணக்கு அடியோடு மாறும். பாதி வெளிச்சத்தை மறைக்கும் பிலிமுக்குப் பின்னால் 2,500 நிட் திரையும் 1,250 தான். திரை வரும் இடத்திலாவது பிலிமை உரித்துவிட வேண்டும்.

விற்பவர் சொல்லும் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. சில டி.வி.களில் '1,000 நிட்' என்பது திரையின் ஒரு சிறு மூலையில் சில விநாடிகள் மட்டும் வரும் உச்சம். விலைப்பட்டியலோ வெள்ளைப் பின்னணியில் நாள் முழுதும் நிற்க வேண்டியது. "திரை முழுதும் வெள்ளையாக, தொடர்ந்து எத்தனை நிட்?" என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பட்டியலையும் வெள்ளையில் கறுப்பு எழுத்தாகவே போடுங்கள். கறுப்புப் பின்னணி பகலில் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும்.

மேற்கு வெயில் மாலையில் நேரே திரைமேல் அடிக்கும் கடைக்கு வெப்பமும் ஒரு பிரச்சினை. மூடிய கண்ணாடிக்குள் சூடேறினால் சாதாரணத் திரையில் கறுப்புத் திட்டுகள் தோன்றும், ஆறியதும் மறையும். அப்படிக் கண்டால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். அதிக நிட் திரைகள் டி.வி.யைப் போல் சுமார் மூன்று மடங்கு மின்சாரம் இழுத்து, தாமும் சூடாகும். இருட்டியதும் வெளிச்சத்தைத் தானே 400, 500 நிட்டுக்குக் குறைக்கும் வசதி உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் இரவில் வாடிக்கையாளர் கண்ணும் கூசும், மின் கட்டணமும் ஏறும்.