300 எம்.பி.யில் ஒரு துறையின் நூலகம் அடங்காது: ரெஃபரன்ஸ் மேனேஜர் வரம்புகள் குறித்து ஆய்வு மாணவர் சங்கத்தின் நிலைப்பாடு

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ததும் நடக்கும் பயிற்சியில், ரெஃபரன்ஸ் மேனேஜர் ஒன்றை நிறுவிக்கொள்ளச் சொல்கிறார்கள். இலவசம்தான் என்றும் சொல்கிறார்கள். அந்த இலவசம் எந்த இடத்தில் முடியும், முடிந்தபின் பணம் யார் கட்டுவது என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது: நூற்குறிப்புகளின் எண்ணிக்கைக்கோ குழு உறுப்பினர்களின் எண்ணிக்கைக்கோ இறுக்கமான வரம்பு வைக்கும் சேவையைத் துறைகள் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கக் கூடாது. கோப்புகளைச் சேமிக்கக் கட்டணம் கேட்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் துறைக்குப் பொதுவான நூலகத்தின் கட்டணத்தை ஒரு மாணவரின் தலையில் கட்டுவதை ஏற்க மாட்டோம்.

இந்த வரம்புகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பேச்சு நகர மறுக்கிறது. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் எல்லாம் சேர்ந்த ஒரு நூற்குறிப்பு சில கிலோபைட்தான். ஐயாயிரம் குறிப்புகள் வைத்திருந்தாலும் சேவை நடத்துபவருக்கு அது ஒரு சுமையே இல்லை. குழுவில் இன்னொருவர் சேர்வதும் அப்படித்தான். இவற்றுக்குப் போடும் வரம்பு, செலவை ஈடுகட்டப் போடுவது அல்ல. பாதி ஆய்வில் மாணவரைக் கட்டணத் திட்டத்துக்குத் தள்ளப் போடுவது. கோப்புகள் விஷயம் வேறு. அவற்றுக்கு உண்மையாகவே வட்டு இடம் வேண்டும், இணைய அலைவரிசை வேண்டும். அதற்குப் பணம் கேட்பது நியாயம்தான்.

எங்கள் ஆய்வாளர்களில் பலர் பயன்படுத்துவது ஜோட்டெரோ. அது திறமூல மென்பொருள், இலாப நோக்கற்ற அமைப்பு நடத்துவது. நூற்குறிப்புகளுக்கு அதில் வரம்பு இல்லை. குழுவில் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். இணைப்புக் கோப்புகளுக்கு மட்டும் 300 எம்.பி. இலவசம். அதற்கு மேல் 2 ஜி.பி.க்கு ஆண்டுக்கு 20 டாலர், 6 ஜி.பி.க்கு 60 டாலர், வரம்பில்லாச் சேமிப்புக்கு 120 டாலர். இந்த விலையில் எங்களுக்குக் குறை இல்லை. சிக்கல் இருப்பது, குழுவின் கோப்புகள் யார் கணக்கில் ஏறுகின்றன என்பதில்.

குழு நூலகத்தில் யார் ஒரு பி.டி.எஃப். சேர்த்தாலும் அது குழுவை உருவாக்கிய உரிமையாளரின் சேமிப்பில்தான் கழியும். அவருடைய சொந்த நூலகமும் அதே 300 எம்.பி.க்குள்தான் இருந்தாக வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்த் துறையில் எட்டுப் பேர் 1930-களின் ஒரு மாத இதழைச் சேர்ந்து படிக்கிறார்கள். மூத்த ஆய்வாளர் ஒருவர் தன் கணக்கில் குழுவைத் தொடங்குகிறார். அவருடைய சொந்தக் கோப்புகள் ஏற்கெனவே 180 எம்.பி. மீதி 120. ஸ்கேன் செய்த ஓர் இதழ் 20 எம்.பி. என்று வைத்தால் ஆறு இதழ்களில் இடம் தீர்ந்துவிடும். ஓராண்டின் பன்னிரண்டு இதழ்கூட உள்ளே போகாது.

அறிவியல் துறையினருக்கு இது சட்டென்று புரியாது. அவர்கள் இறக்கும் கட்டுரை கணினியிலேயே பிறந்த பி.டி.எஃப்.; பெரும்பாலும் ஓரிரண்டு எம்.பி. நூற்றைம்பது கட்டுரைகளை 300 எம்.பி.யில் வைத்துவிடலாம். தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்களுக்கு மூலநூலே ஸ்கேன் படம்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலிருந்தோ நூலகம் தளத்திலிருந்தோ இறக்கும் ஒரு பழைய நூலே பல கட்டுரைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லோருக்கும் ஒரே வரம்பு என்பது பார்வைக்குச் சமம். எங்கள் பாதித் துறைகளுக்கு அது சமம் அல்ல.

இடம் நிறைந்தால் மென்பொருள் நின்றுவிடாது. நின்றால்கூட நல்லது, உடனே தெரிந்துவிடும். நூற்குறிப்புகள் வழக்கம்போல் எல்லோருக்கும் போய்ச் சேரும். கோப்பு மட்டும் மேலே ஏறாது. சேர்த்தவரின் மடிக்கணினியில் அது திறக்கும். மற்றவர்கள் திரையில் இணைப்பின் பெயர் இருக்கும், சொடுக்கினால் கோப்பு இல்லை என்று வரும். "அக்கா, மார்கழி இதழ் எனக்குத் திறக்கவே மாட்டேங்குது" என்று இளையவர் கேட்பார். "எனக்குத் திறக்குதேப்பா" என்பார் அக்கா. இருவர் சொல்வதும் உண்மை. ஒத்திசைவுப் பொத்தானருகே தோன்றும் பிழைக்குறியைச் சொடுக்கிப் பார்த்தவருக்கே காரணம் தெரியும். இதைவிட மோசம், உரிமையாளரின் சொந்த ஆய்வேட்டுக் கோப்புகளும் அன்றிலிருந்து மேலே ஏறுவதில்லை. அவை அந்த ஒரு மடிக்கணினியில் மட்டுமே இருக்கும்.

அப்போது துறையில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "இருபது டாலர்தானே, கட்டிவிடு." ரூபாயில் அது 1,700-க்கு மேல். உதவித்தொகை இல்லாத ஆய்வாளருக்கு அது சிறு தொகை அல்ல. அதோடு வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு அனுமதி பெற்ற அட்டை வேண்டும். நம் மாணவர்கள் பலரிடம் இருக்கும் சாதாரண டெபிட் அட்டையில் அது இருப்பதில்லை. கடைசியில் நெறியாளரிடமோ வெளிநாட்டில் உள்ள நண்பரிடமோ கேட்டு நிற்கிறார்கள்.

மாற்று வழிகளையும் பார்த்தோம். வண்ண ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையாக்கினால் கோப்பு நன்றாகவே சுருங்கும். வெறும் அச்செழுத்து உள்ள நூலுக்கு அதைச் செய்யலாம். பென்சில் குறிப்பு, முத்திரை, மங்கிய படம் உள்ள பக்கங்களில் அவையே ஆய்வுக்குரிய சான்று. அங்கே சுருக்குவது சான்றை அழிப்பதாகும். கோப்புகளை வெப்டேவ் சேமிப்பகத்துக்கு மாற்றலாம் என்கிறார்கள். அது சொந்த நூலகத்துக்கு மட்டுமே பயன்படும். குழு நூலகத்துக்கு ஜோட்டெரோவின் சேமிப்பு ஒன்றுதான் வழி. வெளியே ஒரு கோப்புறையில் வைத்து இணைப்பு மட்டும் கொடுக்கும் வசதியும் குழுவில் கிடையாது.

வேறு சேவைக்கு மாறுவதா? அதற்குமுன் வெளியேறும் கதவைப் பார்க்க வேண்டும். எல்செவியர் 2013-இல் வாங்கிய மெண்டலே, 2018-இல் பயனரின் கணினியிலுள்ள தரவுத்தளத்தையே மறையாக்கம் செய்தது. பயனரின் தனியுரிமைக்காக என்று காரணம் சொன்னார்கள். ஆனால் அதுவரை அந்தக் கோப்பை நேரே படித்து நூலகத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்த வழி அடைபட்டது. இலவச இடம் எத்தனை ஜி.பி. என்பது எங்களுக்கு இரண்டாவது கேள்வி. குறிப்பு, கோப்பு, அடிக்குறிப்பு எல்லாவற்றையும் முழுதாக வெளியே எடுக்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

ஆகவே பல்கலைக்கழகத்திடம் கேட்பவை இவை. ஒவ்வொரு துறையும் மாணவர் பெயரில் இல்லாமல், துறையின் மின்னஞ்சலில் ஒரு கணக்கைத் தொடங்கி, குழு நூலகங்களின் உரிமையை அதற்கு மாற்ற வேண்டும். இப்போது உரிமையாளராக இருக்கும் மாணவர் பட்டம் பெற்றுப் போனாலும், கோபத்தில் குழுவை அழித்தாலும் (நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம்) பத்தாண்டுச் சேகரம் அவர் கையில் தொங்கக் கூடாது. அந்தக் கணக்கின் சேமிப்புக் கட்டணத்தை, இதழ்ச் சந்தா கட்டுவதுபோல் மைய நூலகம் கட்ட வேண்டும். நிறுவனங்களுக்கென்றே திட்டம் இருப்பதால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். கணினி மையம் ஆய்வாளர்களின் சொந்த நூலகங்களுக்கு வெப்டேவ் இடம் ஒதுக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் மென்பொருளை நிறுவிக் காட்டுவதோடு நிறுத்தாமல், வரம்பையும் வெளியேறும் வழியையும் செய்து காட்ட வேண்டும்.

இது நடக்கும்வரை குழு உரிமையாளர்களாக உள்ள ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். zotero.org/settings/storage பக்கத்தில் உங்கள் இடம் எவ்வளவு மீதி என்று இந்த வாரமே பாருங்கள். நிறைந்திருந்தால் கோப்புகளையும் சேர்த்து ஏற்றுமதி செய்து ஒரு புறவட்டில் வையுங்கள். எந்தக் குழு, யார் பெயரில், எத்தனை எம்.பி. என்ற விவரத்தைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலோடுதான் பதிவாளரைச் சந்திக்கப் போகிறோம்.