நாய் தோண்டின குழியை ஒரு தடவை உத்துப் பாருங்க

கிரிவலப் பாதையை ஒட்டி எங்க ஆளுங்க மல்லாட்டை போட்ட கொல்லையெல்லாம் இப்போ மனையா மாறிக்கிட்டு இருக்கு. பட்டணத்துல இருந்து வந்து வீடு கட்டுறாங்க, சந்தோஷம். முன்னாடி பாதி இடத்துக்குச் சிமெண்ட் கல்லு, மீதிக்குக் கொரியன் புல்லு. அப்புறம் ஒரு நாய். ஆறு மாசம் கழிச்சு அந்த வீட்டுக்காரர் வந்து சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: "நாய் தோட்டத்தையெல்லாம் தோண்டிடுச்சு, அண்ணா. இதை யாருக்காவது குடுத்துடலாமா?"

குடுக்குறதுன்னா என்னன்னு இங்க இருக்கற எங்களுக்குத் தெரியும். ராத்திரியில காரைக் கொண்டாந்து பாதையோரம் இறக்கி விட்டுட்டுப் போறது. கழுத்துல பட்டையோட, யாரைப் பாத்தாலும் வாலை ஆட்டிக்கிட்டு, தெரு நாய்ங்ககிட்ட கடி வாங்கிக்கிட்டு திரியற நாயை நான் எத்தனையோ பாத்துட்டேன். அதே ஆளுங்கதான் ரமணாசிரமத்துக்குப் போய் லட்சுமிங்கற பசுவோட சமாதியையும் ஜாக்கிங்கற நாயோட சமாதியையும் கும்பிட்டுட்டு வர்றாங்க. 1960ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல நாயை இப்படிக் கைவிடறதும் குத்தம், குட்டைச் சங்கிலியில நாள் முழுக்கக் கட்டி வைக்கறதும் குத்தம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். ஒரு வேளை டிபன் காசு. அதனால சட்டத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்த முடியாது. குழியைக் காட்டித்தான் பேசணும்.

நாய் பைத்தியம் பிடிச்சுத் தோண்டல, உங்க மேல கோவத்துலயும் தோண்டல. எங்க தோண்டுச்சு, எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம்னு பாத்தாலே எதுக்குன்னு தெரிஞ்சிடும். எங்க ஊருக்கு வந்து குடியேறின ஒரு தம்பி வீட்டுக் கதையை அப்படியே சொல்றேன். வீட்ல இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பாக்கறவர். தெருவுல கெடந்த குட்டியைத் தூக்கி வளர்த்தார். செவலை நிறம், பொட்டை, ஒண்ணரை வயசு. சித்திரை கடைசியில என்னைக் கூப்பிட்டார். போய்ப் பாத்தா அஞ்சு குழி.

ரெண்டு குழி வீட்டுக்குக் கிழக்கால, சுவரை ஒட்டி, புல்லு நடுவுல. அகலமா, ஒரு அடி ஆழத்துல, சட்டி மாதிரி. அடியில மண்ணு வழுவழுன்னு அழுந்தி இருந்துச்சு. அது வயிறு படுத்த தடம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பு முழுக்க வேர்க்காது. பாதத்துல கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளிய தள்ளணும். மேல்மண்ணு காலை வைக்க முடியாம கொதிக்கும்போதும் ஒரு அடிக்குக் கீழ மண்ணு குளுகுளுன்னு இருக்கும். முடி கம்மியா இருக்கற வயித்தை அதுல பதிச்சுப் படுத்தா சூடு இறங்கும்.

வாசல் முழுக்கச் சிமெண்ட் கல்லு பதிச்சு, புல்லுக்கு மட்டும் ரெண்டு வேளை தண்ணி விட்டா நாய் எங்க போகும்? அந்தத் தம்பி வீட்டுல ஈரமா இருந்த ஒரே இடம் அந்தப் புல்லுதான். அதுவும் பாருங்க, அது கிழக்குச் சுவரைத் தேடிப் பிடிச்சிருக்கு. "வடக்குப் பக்கம் நிழல்தானே, அங்க கொட்டாய் போட்டேன், அதுல படுக்கவே மாட்டேங்குது"ன்னார் அவர். நம்ம ஊர்ல சித்திரை பத்து தேதிக்கு மேல சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கால சாஞ்சிடும். ஆடி முடியற வரைக்கும் வடக்குச் சுவர்லயும் உச்சி வெயில் விழும். மத்தியானத்துக்கு மேல நல்ல நிழல் கிழக்குச் சுவருக்குத்தான். இதை இன்ஜினியர் சொல்லல, நாய் சொல்லுது.

அடுத்த ரெண்டு குழி புதுசா நட்ட கொய்யாக் கன்னு, சப்போட்டாக் கன்னு அடியில. இது வேற மாதிரி. குறுகலா, வேரையே பிடுங்கற மாதிரி ஆழமா. கையில மண்ணை எடுத்து மோந்து பாத்தேன், மீன் நாத்தம். "தம்பி, மீன் அமிலம் ஊத்துனீங்களா?"ன்னு கேட்டேன். ஊத்தினாராம், இயற்கை விவசாயக் கூட்டத்துல சொல்லிக் குடுத்தாங்களாம். அழுகின மீனையும் வெல்லத்தையும் புளிக்க வெச்சு மண்ணுல ஊத்திட்டு, நாயைத் தோண்டாதேன்னா எப்படி? எலும்புத் தூளும் இதே கதைதான். அடியில ஏதோ செத்துக் கெடக்குதுன்னு அதுக்குத் தோணும். மீன் அமிலத்தை இலையில தெளிச்சிட்டுப் போங்க, வேர்ல வேணாம்னு சொன்னேன். கன்னைச் சுத்தி நாலு தட்டைக் கல்லை நெருக்கி வெச்சோம்.

இங்க ஒண்ணை அழுத்திச் சொல்லணும். ஆமணக்குப் புண்ணாக்கு விஷம். அதுல ரிசின்னு ஒரு நஞ்சு இருக்கு, அதுக்கு மாத்து மருந்து கெடையாது. அதை எலும்புத் தூளோட கலந்து போட்டா, வாசனைக்குத் தோண்டற நாய் அதையும் சேத்துத் தின்னுடும். வாந்தி, ரத்தக் கழிச்சல் எடுத்தா நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது, உடனே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நாய் இருக்கற வீட்டுல வேப்பம் புண்ணாக்கு போதும், கசப்பு, வாய் வைக்காது.

அஞ்சாவது குழி மதில் ஓரம். சரிவா உள்ள போகுது, பக்கத்துலயே புதுமண்ணு குவிச்ச ஒரு பொந்து. பெருச்சாளி. இதுக்கு நாயைத் திட்றது நியாயமே இல்ல. எங்க வரப்புல இதே வேலையைச் செஞ்சா நாங்க தட்டிக் குடுப்போம். நெலத்துல ஒரு எலி வளையைத் தோண்டினா எங்களுக்கு எத்தனையோ படி தானியம் மிச்சம். பொந்தைக் கண்டுபிடிச்சு அடைங்க, சாப்பாட்டு மிச்சத்தை மதிலோரம் கொட்டறதை நிறுத்துங்க. எலி மருந்து மட்டும் வேணாம். கடையில கருப்பா விக்கற ஜிங்க் பாஸ்பைடு மருந்து நாய் வயித்துலயும் விஷக்காத்தாத்தான் மாறும்.

இதைப் பாக்காம ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்றாங்க. மொளகாத்தூள் போடு, அதோட பீயையே குழியில போட்டு மூடு, கம்பி கட்டு. இன்னொருத்தர் குழியில தண்ணி ரொப்பி நாயோட மூஞ்சியை அமுக்கச் சொன்னாராம். இது நம்ம ஊர்ச் சரக்கு இல்ல. அமெரிக்காவுல சினிமாவுக்கு நாய் பழக்கின வில்லியம் கோஹ்லர்ங்கறவர் 1962ல போட்ட புத்தகத்துல இருக்கற முறை. அறுபது வருஷத்துக்கு முந்தின கொடுமையை இப்போ இங்க காசு வாங்கிட்டு விக்கறாங்க. தோண்டி அரைமணி நேரம் கழிச்சு மூஞ்சியை அமுக்கினா, உங்க கை ஆபத்துன்னுதான் அது கத்துக்கும். வெயில் கொறையாது, மீன் நாத்தம் போகாது. கட்டிப் போட்டாலோ கேக்கவே வேணாம், முளையைச் சுத்தியே தோண்டும்.

நாங்க பண்ணது இதுதான். அது தேர்ந்தெடுத்த கிழக்குச் சுவர் ஓரத்துலயே அஞ்சடி நீளம், நாலடி அகலத்துக்குப் புல்லைச் சீவி எடுத்தோம். ஒண்ணரை அடி ஆழம் வெட்டி, கல்லு, கண்ணாடி பொறுக்கிட்டு, செம்மண்ணும் மணலும் கலந்து பொலபொலன்னு நிரப்பினோம். சுத்தி ஒரு வரிசை செங்கல்லு, இது உன் எடம்னு அதுக்கு எல்லை தெரியணும் இல்ல? காலையில ஒரு குடம் தண்ணி தெளிக்கணும். ஈரமா இருந்தாப் போதும், சேறாகக் கூடாது.

முதல் நாள் அது பாக்கப் பாக்க ஒரு கொட்டாங்கச்சியில ரெண்டு அவிச்ச மல்லாட்டைப் பயிறைப் போட்டுப் பாதி வெளிய தெரியற மாதிரி புதைச்சோம். எடுத்துச்சு, தட்டிக் குடுத்தோம். அடுத்த நாள் ரெண்டு விரக்கடை ஆழம், நாலஞ்சு நாள்ல ஒரு சாண். வேக வெச்ச கோழி எலும்பு மட்டும் புதைக்கக் கூடாது, செதில் செதிலா ஒடைஞ்சு குடலைக் குத்தும். வேற எடத்துல தோண்டறதைக் கண்ணால பாத்தா மட்டும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, இங்க கூட்டியாந்து, நீங்களும் கையால ரெண்டு தள்ளு தள்ளணும். பாக்கலையா, விட்டுடுங்க. பழைய குழியை மூடும்போது மேல ஒரு சாண் விட்டு அடியில கோழி வலையைப் படுக்க வெச்சு, ஓரத்தை உள்பக்கமா மடக்கிட்டோம். நகம் வலையில தட்டினா அந்த எடம் அதுக்கு அலுத்துப் போகும். கருவேல முள்ளைப் போடாதீங்க, பாதம் சீழ் பிடிக்கும்.

கூடவே காலையில ஏழு மணிக்குள்ள ஒரு நடை, வெயில் தாழ்ந்ததும் ஒரு நடை. அந்தத் தம்பி முன்னாடி நாயை வெளிய கூட்டிட்டே போனதில்ல. "அதான் பெரிய காம்பவுண்டு இருக்கே அண்ணா"ம்பார். நாளெல்லாம் ஒண்ணும் செய்யாம கெடக்கற ஒண்ணரை வயசு நாய் வேற என்னதான் பண்ணும்?

மூணு வாரத்துல புல்லுல தோண்டறது நின்னுச்சு. மத்தியானம் போனா அந்தக் குழியிலதான் நாலு காலையும் நீட்டிப் படுத்திருக்கும். ஆனா பெருச்சாளி வந்தா இன்னைக்கும் மதிலோரம் ஓடும். அதை எந்தக் குழியும் நிறுத்தாது. டாக்ஸ்ஹண்ட் மாதிரி வளைக்குள்ள போறதுக்குன்னே வளர்த்தெடுத்த ஜாதியை வாங்கினவங்க இன்னும் கொஞ்சம் பொறுமையா இருக்கணும். பொட்டை நாய் செனையா இருந்து வைக்கோல் போருக்கு அடியிலயோ சுவரோரமோ தோண்டினா அது பிரசவத்துக்கு எடம் பாக்குது, கெடுக்காதீங்க.

ஈரமண்ணுன்னா கொக்கிப்புழு பயமும் உண்டு. நாய் அதுல வெளிக்குப் போனா அன்னன்னைக்கே அள்ளிடணும். வாரம் ஒரு நாள் மண்ணைக் கிளறி வெயில் காட்டணும். டாக்டரைக் கேட்டுப் பூச்சி மருந்து தவறாம குடுக்கணும். கொழந்தைங்களை அதுல வெறுங்காலோட விளையாட விடக் கூடாது, அந்தப் புழு தோல் வழியா ஏறும்.

இன்னொரு தோண்டல் இருக்கு, அது கேட்டுக்கு அடியில. வருஷா வருஷம் கார்த்திகை தீபத்தன்னைக்கு வெடிச் சத்தத்துக்குப் பயந்து தப்பிச்சு ஓடறதுக்குத் தோண்டறது. அதுக்கு மணல் குழி உதவாது. மலையில தீபம் ஏத்தறது சாயங்காலம் ஆறு மணிக்கு. அஞ்சு மணிக்கே உள்ள கூட்டிட்டு வந்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, கூடவே ஒரு ஆள் உக்காருங்க.