அடைப்புக்குறியின் சுழி அடுக்கு

பல சுமைகள் ஏறிய உத்தரத்தின் தொய்வுக்கு மெக்காலே 1919-இல் முன்வைத்த அடைப்புக்குறி முறையில், மாணவர் அதிகம் சறுக்குவது திருப்புத்திறனில்தான். 6 மீட்டர் உத்தரம், இரு முனையிலும் எளிய தாங்கிகள். இடமுனையிலிருந்து 2 மீட்டரில் 30 கிலோநியூட்டன் சுமை, 4 மீட்டரில் வலஞ்சுழியாக 12 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புத்திறன். இடத் தாங்கியின் எதிர்விசை 18 கிலோநியூட்டன். ஆகவே M = 18x − 30⟨x−2⟩ + 12⟨x−4⟩⁰. குறிக்குள் எதிர்மதிப்பு வந்தால் அந்த உறுப்பே இல்லை. கடைசி அடுக்கு சுழியாகவே இருக்க வேண்டும்: திருப்புத்திறன் அந்த இடத்தில் ஒரே தாவலாக நுழைகிறது, தூரத்தோடு வளர்வதில்லை. அடுக்கை ஒன்றாக்கினால் வலமுனையில் M சுழியாகாமல் 12 நிற்கும். பிழை அங்கேயே பிடிபடும்.

கணினி இருக்க இது எதற்கு என்பார்கள். கணினி உள்ளிட்டதைத்தான் கணக்கிடும். திசை தவறியதைச் சொல்லாது. துண்டுதுண்டாகத் தொகையிட்டால் இங்கே ஆறு மாறிலிகள் வேண்டும். குறியைப் பிரிக்காமல் தொகையிட்டால் இரண்டே போதும்: EIy = 3x³ − 5⟨x−2⟩³ + 6⟨x−4⟩² + C₁x + C₂. இரு முனையிலும் y சுழி என்பதால் C₂ = 0, C₁ = −58.67; சுமைக்கு அடியில் EIy = −93.33, அதாவது கீழ்நோக்கிய தொய்வு. உத்தரத்தின் குறுக்குவெட்டு நடுவில் மாறினால் மட்டும் EI மாறிலியாக இராது. இந்த ஒற்றைச் சமன்பாடு அப்படியே பொருந்தாது.