கோடுகள் சொல்லும் மலைச்சரிவு

கேள்வி: “எங்களுக்குத் திருப்பாலைக்குடி. கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும் மிளகாயும்தான் பழக்கம். தாண்டிக்குடி பக்கம் மலையில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு வருகிறது. ‘லேசான சரிவுதான், படி வெட்டி விவசாயம் பண்ணலாம்’ என்கிறார்கள். அரசு வரைபடத்தில் அந்த இடத்தில் கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. அவற்றை வைத்துச் சரிவு எத்தனை டிகிரி என்று கண்டுபிடிக்க முடியுமா?”

பதில்: முடியும். ஓர் அடிக்கோலும் கைபேசியில் இருக்கும் கணக்குப்பொறியும் போதும்.

அந்தக் கோடுகளுக்குச் சமவுயரக் கோடுகள் என்று பெயர். ஒரே கோட்டின் மேல் உள்ள எல்லா இடமும் கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும். கண்மாயில் தண்ணீர் வற்ற வற்றக் கரையின் உட்பக்கம் வரிவரியாகத் தடம் விழுகிறதே, அதுபோலத்தான். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படத்தில் பொதுவாக ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். திருப்பாலைக்குடி போன்ற கடலோர ஊர்களின் தரை அந்த 20 மீட்டருக்கும் கீழேயே இருப்பதால், சொந்த ஊர்ப் படத்தில் இந்தக் கோடுகளைப் பார்த்திருக்க முடியாது. மலையில் கோடுகள் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு செங்குத்து.

முதலில் படத்தின் அடி ஓரத்தைப் பார்க்க வேண்டும். கோடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் உயரம் என்பதும், படத்தின் அளவும் அங்கே அச்சாகியிருக்கும். 1:50,000 என்றால் படத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 500 மீட்டர், 1 மி.மீ. என்பது 50 மீட்டர்.

அடுத்து, நிலம் இருக்கும் சரிவில் இரண்டு தடித்த கோடுகளைத் தேட வேண்டும். ஐந்து கோட்டுக்கு ஒன்று தடிப்பாக இருக்கும். அதன்மேல் உயரம் எழுதியிருக்கும். உதாரணத்துக்கு, கீழே 1,100 என்ற தடித்த கோடு, மேலே 1,200 என்ற தடித்த கோடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே உயரம் 100 மீட்டர். அடிக்கோலைக் கோடுகளுக்குக் குறுக்கே, அதாவது மழைத்தண்ணீர் இறங்கி ஓடும் திசையில், நேராக வைத்து அளக்கிறோம். 6 மி.மீ. வருகிறது. 6 × 50 = 300 மீட்டர். ஆக, 300 மீட்டர் தூரத்துக்கு 100 மீட்டர் ஏற்றம்.

100-ஐ 300-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 33 சதவீதம். இது சரிவு சதவீதம். டிகிரி வேண்டுமென்றால் கைபேசிக் கணக்குப்பொறியில்:

```
tan⁻¹(100 ÷ 300) = 18.4
```

சரிவு சுமார் 18 டிகிரி. தடித்த கோட்டிலிருந்து அடுத்த தடித்த கோடு வரை வேறு அளவு வந்தால்:

10 மி.மீ. – 20 சதவீதம் – 11 டிகிரி
6 மி.மீ. – 33 சதவீதம் – 18 டிகிரி
4 மி.மீ. – 50 சதவீதம் – 27 டிகிரி
2 மி.மீ. – 100 சதவீதம் – 45 டிகிரி

சதவீதமும் டிகிரியும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 27 என்று டிகிரியில் கேட்டால் லேசாகத்தான் தோன்றும். ஆனால் அது, இரண்டடி தள்ளி ஓரடி உயரம் என்ற கணக்கில் போட்ட கண்மாய்க் கரையின் சரிவு. அந்தச் சரிவில் மண்வெட்டி பிடித்து நின்று நாள் முழுக்க வேலை பார்ப்பதை நினைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

குத்தகைக்கு இதில் என்ன இருக்கிறது? படி வெட்டும்போது சரிவு விளைநிலத்தைத் தின்றுவிடும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு படி என்று வைத்துக்கொள்வோம். 33 சதவீதச் சரிவில் அந்த ஒரு மீட்டர் உயரத்துக்குக் கிடைப்பது 3 மீட்டர் அகலம். மண்ணால் ஆன படிச்சுவர் இடியாமல் நிற்க அதையும் சாய்வாக விட வேண்டும். ஒரு மீட்டர் உயரச் சுவருக்கு ஒரு மீட்டர் அகலம் போய்விடும். மீதி 2 மீட்டரில்தான் பயிர். மூன்று ஏக்கருக்குக் குத்தகை கொடுத்தால் பயிர் செய்வது இரண்டு ஏக்கர். 50 சதவீதச் சரிவென்றால் ஒன்றரை ஏக்கர்தான் மிஞ்சும். 20 சதவீதமாக இருந்தால் 2.4 ஏக்கர் கிடைக்கும். கல்லடுக்கிச் சுவர் எழுப்பினால் இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும். ஆனால் கல்லுக்கும் கூலிக்கும் தனியாகச் செலவு.

மண்காப்பு முறைகளில் பொதுவாக 16 முதல் 33 சதவீதம் வரையுள்ள சரிவுக்குத்தான் படி வெட்டச் சொல்கிறார்கள். அதற்கு மேல் போனால் மண்ணைக் கிளறாமல், காபி, மிளகு, மரம் என்று நிரந்தரப் பயிரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

அளக்கும்போது தவறு நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, கோடுகளை எண்ணுவது. ஆறு கோடு இருந்தால் நடுவே இடைவெளி ஐந்துதான். உயரம் 120 அல்ல, 100 மீட்டர். இரண்டு, பாதை போகும் வழியே சாய்வாக அளப்பது. மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுவதே ஏற்றத்தைக் குறைக்கத்தான். அதன்வழியே அளந்தால் செங்குத்தான சரிவும் லேசாகத் தெரியும். மூன்று, நகல். ஜெராக்ஸ் எடுத்தாலோ கைபேசியில் படம் பிடித்து அச்சடித்தாலோ அளவு மாறிவிடும். படத்தின் அடியில் உள்ள கிலோமீட்டர்க் கோட்டை அளந்து பார்க்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் சரியாக 2 செ.மீ. இருந்தால்தான் மேலே சொன்ன கணக்கு செல்லும்.

இவ்வளவு கவனமாக அளந்தாலும் படம் சொல்வது மலையின் சரிவை. வயலின் சரிவை அல்ல. அடிக்கோலில் அரை மி.மீ. பிசகினாலே 33 சதவீதம் என்பது 31 ஆகலாம், 36 ஆகலாம். மூன்று ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 110 மீட்டர். படத்தில் அது 2 மி.மீ.க்குச் சற்றுமேல். இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர் பாறைச்சரிவு ஒளிந்திருந்தாலும் கோட்டில் தெரியாது. ஆகவே படம் பார்த்து 33-ஐ ஒட்டி வந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நேரில் அளந்துவிட வேண்டும்.

அதற்கு 2 மீட்டர் நீளமுள்ள நேரான ரீப்பர் கட்டையும், கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் போதும். கட்டையின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையில் வைத்து, தண்ணீர் ஓடும் திசையில் மறுமுனையை நீட்டி, ரசமட்டத்தில் குமிழி நடுவே நிற்கும்படி பிடிக்க வேண்டும். அந்த முனையிலிருந்து தரைவரை தொங்கும் உயரத்தை அளந்தால் சரிவு தெரிந்துவிடும். 40 செ.மீ. என்றால் 20 சதவீதம், 66 செ.மீ. என்றால் 33, ஒரு மீட்டர் என்றால் 50. நிலத்தின் மேல், நடு, கீழ் என்று பத்து இடத்தில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். சராசரி ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. எத்தனை இடத்தில் 66-ஐத் தாண்டியது என்பதே முக்கியம்.

பாதிக்கு மேல் தாண்டினால் அது படி வெட்டும் நிலமல்ல. தாண்டாவிட்டால், பயிர் செய்யக் கிடைக்கும் ஏக்கருக்கு மட்டும் கணக்குப் போட்டுக் குத்தகை பேசலாம்.