அந்தக் கடிதத்தில கிணறு எங்கே?

போன மாதம் நண்பி ஒருத்தி தன்ர 'ஸ்டேட்மென்ட் ஒஃப் பர்பஸை' எங்களுக்கு அனுப்பினாள். நெதர்லாந்தில நிலத்தடி நீர் பற்றிய மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்கிறாள். "கிராமரை மட்டும் ஒருக்கா பாருங்கோ" எண்டு கேட்டிருந்தாள். கிராமரில பிழை இல்லை. அந்த இரண்டு பக்கத்திலயும் அவளைத்தான் காணேல்லை.

"சிறு வயதிலிருந்தே நீர் மீது எனக்குத் தீராத ஆர்வம்" எண்டு தொடங்குது. பிறகு காலநிலை மாற்றம், உலகத் தரம் வாய்ந்த பேராசிரியர்கள், நாட்டுக்குச் சேவை. நாங்கள் பல்கலைக்கழகத்தின்ர பெயரை எடுத்துப்போட்டு அவுஸ்திரேலியாவில உள்ள ஒண்டைப் போட்டுப் பார்த்தம். வேற ஒரு சொல்லையும் மாற்ற வேண்டி வரேல்லை. அடுத்ததா, அவளின்ர பட்ச்சில யார் வேணுமெண்டாலும் கையெழுத்து வைக்கக்கூடிய வரிகளையெல்லாம் சிவப்பால கோடிட்டம். மிஞ்சினது ஒரு வரி: "இளநிலை ஆய்வில் யாழ்ப்பாணக் கிணறுகளின் நீர்த்தரத்தை ஆராய்ந்தேன்."

அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கொண்டு ஃபோன் எடுத்தம். எத்தனை கிணறு? எங்க? என்ன பார்த்தனி?

அரை மணித்தியாலம் கதைச்சாள். வலிகாமத்தில 24 கிணறு. மாரிக்கு முன்னம் செப்டெம்பரில ஒருக்கா, மழை முடிய ஜனவரியில ஒருக்கா தண்ணி எடுத்திருக்கிறாள். பார்த்தது நைத்திரேற்று. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வெங்காயத் தோட்டக் கிணறுகள் அதைத் தாண்டும் எண்டு எதிர்பார்த்தாள், தாண்டினது. ஆனா பக்கத்தில தோட்டமே இல்லாத சில வீட்டுக் கிணறுகளும் தாண்டினது. அதுகளுக்குக் கிட்ட மலசலகூடக் குழிகள் இருந்தது. அடியில சுண்ணாம்புக்கல், விழுறது சுலபமாக் கீழ இறங்கிவிடும். வைவாவில விரிவுரையாளர் கேட்டிருக்கிறார்: "இது உரத்தால வந்ததா, குழியால வந்ததா எண்டு எப்பிடிச் சொல்லுவீர்?" அவளால சொல்ல முடியேல்லை. நைத்திரேற்றின்ர அளவு மட்டும் அதைச் சொல்லாது. அதில உள்ள நைதரசன், ஒட்சிசன் சமதானிகளை அளந்தால் ஓரளவு பிரிச்சுப் பார்க்கலாம். அதுக்கான வசதி அவளுக்குக் கிடைக்கேல்லை.

மாஸ்டர்ஸுக்குப் போறதுக்கு இதை விட நல்ல காரணம் என்ன இருக்கு? ஏன் எழுதேல்லை எண்டு கேட்டம். "பதில் தெரியாமல் நிண்டதை எப்பிடி அண்ணா எழுதுறது?"

எங்கட அபிப்பிராயம், அதைத்தான் முதல் பந்தியில எழுதவேணும். தெரிவுக்குழு தேடுறது இவருக்கு என்ன தெரியாது, அதை இங்க படிக்கேலுமா எண்டதைத்தான். அதோட ஒரு எச்சரிக்கையும் சொன்னம். மாட்டெருவும் மலக்கழிவும் சமதானியில கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் தெரியும், வலிகாமத் தோட்டங்களில மாட்டெரு போடுறவையும் இருக்கினம். "இந்த முறை எல்லாத்தையும் தீர்க்கும்" எண்டு எழுதினால், துறை தெரிஞ்ச ஒருத்தர் அந்த இடத்திலயே வாசிப்பை நிப்பாட்டிவிடுவார்.

பேராசிரியர் புகழை வெட்டச் சொன்னம். பாடத்திட்டத்தைத் திறந்து, இந்தக் கேள்விக்கு உதவுற பாடம் எது எண்டு தேடு. ஒண்டும் இல்லையெண்டால் அது உனக்கான படிப்பில்லை, விண்ணப்பக் காசு மிச்சம். சுவடுகாட்டிகள் பற்றின ஒரு பாடத்தைக் கண்டுபிடிச்சாள். "ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கினேன்" எண்டதும் போச்சுது. குழு எண்டது அவளும் இன்னொரு பெட்டையும் ஒரு ஸ்கூட்டியும். சிபாரிசுக் கடிதம் எழுதுற விரிவுரையாளர் வேற மாதிரி எழுதினால் முழுக் கடிதமும் சந்தேகத்துக்குள்ள போயிடும்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது: "சண்டையைப் பற்றி எழுதட்டோ? எழுதினாத்தான் எடுபடும் எண்டு சொல்லுகினம்." 2009இல அவளுக்குப் பத்து வயது. இடம்பெயர்ந்தவள்தான். இதில எங்களுக்குள்ளயே சண்டை வந்தது. ஒருத்தர், அது அவளின்ர வாழ்க்கை, எழுதட்டும் எண்டார். மற்ற ஆக்கள், உண்மையா நடந்ததெல்லாம் இந்தக் கடிதத்துக்கு உண்மையாகாது எண்டம். அந்தக் கேள்விக்கு அவளைக் கொண்டுவந்தது கிணறுகள்; முகாம் இல்லை. இரக்கத்துக்காக இழப்பை விரிச்சு வைக்கச் சொல்றது எங்களுக்குப் பிடிக்கேல்லை. கடைசியில முடிவை அவளிட்டயே விட்டம். அவள் எழுதேல்லை.

ஒரு வசனமும் நாங்கள் எழுதிக் குடுக்கேல்லை, ஓரத்தில கேள்விகள் மட்டும் போட்டம். காசு வாங்கிக்கொண்டு எழுதிக் குடுக்கிற இடங்களின்ர கடிதங்கள் கொஞ்சம் பார்த்திருக்கிறம். எல்லாருக்கும் ஒரே குரல். அவளின்ர ஆங்கிலம் கட்டையான வசனங்கள். அப்பிடியே இருக்கட்டும் எண்டு விட்டம்.

மூண்டாவது வரைவு நேற்று வந்தது. வைவாக் கேள்வியில தொடங்குது. 24 கிணறும் இருக்கு. கடைசிப் பந்தியில "தீராத ஆர்வம்" திரும்பவும் வந்து குந்தியிருக்கு. ஓரத்தில ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறம்.