இறுதித் தேர்வின் பங்கு எவ்வளவு?



அமெரிக்காவில் பட்டப்படிப்புப் படிக்கும் தம் மகளின் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு தாய் நமக்கு எழுதியுள்ளார். ஒரு பாடத்தில் ஆண்டிடைத் தேர்வுகளும் ஒப்படைப்புகளும் சேர்ந்து அம்மகளுக்கு நூற்றுக்கு 84 சராசரி. இறுதித் தேர்வில் கிடைத்தது 64. பாடத்தின் முடிவான மதிப்பெண் 76 என வந்துள்ளது. இறுதித் தேர்வுக்கு 30 விழுக்காடு மட்டுமே என்று கேட்ட நினைவு மகளுக்கு. 78 இருந்திருந்தால் உதவித்தொகை தொடர்ந்திருக்கும். “கணக்கில் பிழை உண்டா, எங்ஙனம் அறிவது?” என்பது தாயின் வினா.

நம் கல்லூரிகள் பலவற்றில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்று விதியே வகுத்துவிடுகிறது. ஆனால் அங்கோ பெரும்பாலும் ஆசிரியரே இப்பங்கைத் தீர்மானித்து, முதல் வாரத்தில் தரும் பாடக்குறிப்பில் எழுதிவிடுகிறார். அத்தாள் கைவசம் இல்லையாயினும், பங்கைக் கணக்கிட்டு அறியலாம்.

இதை அரிசிக் கடையில் வைத்துப் பார்ப்போம். கிலோ 84 ரூபாய் அரிசியையும் 64 ரூபாய் அரிசியையும் கலந்து, கலவையைக் கிலோ 76 ரூபாய்க்கு வணிகர் விற்கிறார். இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மலிவான அரிசி எவ்வளவு கலந்திருக்கும்? முழுவதும் மலிவானதாயின் விலை 20 ரூபாய் இறங்கியிருக்கும். இறங்கியதோ 8 ரூபாய். ஆகவே மலிவானது 20-இல் 8 பங்கு, அதாவது 40 விழுக்காடு. மதிப்பெண்ணுக்கும் இதுவே வழி. முடிவான மதிப்பெண் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிற்றோ, அதை இறுதித் தேர்வு சராசரியிலிருந்து விலகிய அளவால் வகுக்க வேண்டும். தேர்வின் பங்கை x எனக் கொண்டால்:

84(1 − x) + 64x = 76
84 − 20x = 76
x = 8 ÷ 20 = 0.40

சரிபார்ப்போம். 84-இல் 60 விழுக்காடு 50.4; 64-இல் 40 விழுக்காடு 25.6, கூட்டினால் 76. ஆனால் பங்கு 30 ஆக இருந்தால், 58.8-உம் 19.2-உம் சேர்ந்து சரியாக 78 வந்திருக்க வேண்டும். தாயின் ஐயம் வீணானதன்று.

எனினும் விடையை அப்படியே நம்பிவிடலாகாது. பட்டியலில் உள்ள 76 முழு எண்ணாக்கப்பட்டிருக்கலாம். உண்மையில் அது 75.5 முதல் 76.5 வரை எதுவாகவும் இருக்கக்கூடும். அப்போது பங்கு 37.5-க்கும் 42.5-க்கும் இடைப்பட்டது. இவ்வெல்லைக்குள் 30 வரவில்லை. எனவே முழு எண்ணாக்கியதால் நேர்ந்த வேறுபாடு இதுவன்று. இங்கே இரு மதிப்பெண்களுக்கும் இடையே 20 இருந்தமையால் விடை தெளிவாயிற்று. இறுதித் தேர்வில் 82 வாங்கி, முடிவு 83 என்று வந்திருந்தால், இதே முறையில் பங்கு 25 முதல் 75 வரை எதுவாகவும் இருக்கலாம். அத்தகைய கணக்கால் பயனில்லை. இரண்டும் 84 ஆகவே இருந்தால், வகுக்கும் எண் சுழியாகிவிடும். எந்தப் பங்குக்கும் முடிவு 84-தான்.

முடிவு 64-க்கும் 84-க்கும் வெளியே நின்றால், பங்கு சுழிக்குக் கீழோ ஒன்றுக்கு மேலோ வரும். அவ்வாறாயின் ஊக்க மதிப்பெண் சேர்ந்திருக்கலாம், அல்லது 50-க்குரிய மதிப்பெண்ணை 100-க்குரியதாக நாம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாம் கண்ட 40 என்னும் விடை, 84 என்னும் சராசரி சரியானது என்ற அடிப்படையில் நிற்கிறது. ஒரு சமன்பாடு ஓர் அறியா எண்ணையே தரும். பங்கு உண்மையில் 30 தான் என்று கொண்டு, சராசரியை அறியாததாக வைத்தால், 76-இலிருந்து 19.2 கழித்து, வரும் 56.8-ஐ 0.7-ஆல் வகுக்க, ஏறக்குறைய 81 கிடைக்கும். ஆகவே, ஆசிரியர் ஏட்டில் சராசரி 84-க்குப் பதில் 81 ஆகப் பதிவாகியிருந்தாலும் இதே 76 வரும். ஓர் ஒப்படைப்பு சேராமல் விடுபட்டிருந்தால் இது நேரலாம்.

எனவே அம்மகள் ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: இறுதித் தேர்வின் பங்கு 30-ஆ, 40-ஆ? அதற்கு முந்தைய சராசரி தங்கள் ஏட்டில் எவ்வளவு? முதலாவதற்கு 40 என விடை வந்து, பாடக்குறிப்பும் அவ்வாறே கூறினால், 76 சரியே. மகளின் நினைவுதான் பிழை. 30 என்று வந்தால், ஒவ்வோர் ஒப்படைப்பின் மதிப்பெண்ணையும் தம் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிழை ஏதேனும் ஒரு வரியில் தெரியலாம். அதைத் திருத்தினால் 78-உம் உதவித்தொகையும் கிட்டும்.